பல்பு விழுந்த நெஞ்சுப் படம்

மருத்துவமனையில் அவளுக்கு மூச்சக்கா என்றுதான் பெயர். பத்தொன்பது வருஷமாக எக்ஸ்ரே அறையில் நின்று, மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடுங்க என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் பால் பொங்கும்போதுகூடத் தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். படம் எடுப்பது தன் வேலை, பார்த்துச் சொல்வது டாக்டர் வேலை என்பதில் கறார். போனில் பிடித்து அனுப்பும் படங்களைக் கண்டால் மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை வந்தது தங்கையின் கணவருடைய நெஞ்சுப் படம். அவருக்குக் கப்பலில் சமையல்காரர் வேலை; ஏறினால் ஒன்பது மாசம் கழித்துத்தான் வீடு. ஏழு வருஷம் தவம் கிடந்து கிடைத்தது. உடல் பரிசோதனைக்கு எடுத்த பிலிம் கைக்கு வந்துவிட்டது, ரிப்போர்ட் வரவில்லை. அதற்குள் தங்கை அதைப் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். மருந்துக்கடை வைத்திருக்கும் பெரியப்பா, நுரையீரலில் வட்டமாக வெள்ளைப் புள்ளி, இதயமும் பெரிது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். தங்கை கணவர் ஆடிப்போனார். மாலைக்குள் கப்பல்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வரவில்லை என்றே சொல்லிவிடப் போவதாக இருந்தார்.

மூச்சக்கா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் விலா எலும்பின் ஓரத்தையே காணோம். உடனே தங்கையைக் கூப்பிட்டாள்.

“ஓரத்தை ஏண்டி வெட்டின?”

பிலிமுக்குப் பின்னால் ஜன்னலில் உள்பாவாடை காய்ந்துகொண்டிருந்ததாம். குழுவில் மாமனாரும் இருக்கிறாராம். மானத்தைக் காப்பாற்றப் புருஷன் நெஞ்சை வெட்டியிருக்கிறாள் மகராசி.

“இதயம் பெருசா இல்லையான்னு நெஞ்சு அகலத்தை வெச்சுத்தான் பாப்பாங்க. நீ அகலத்தையே வெட்டிட்ட. போனையும் கீழேருந்து சாய்ச்சுப் பிடிச்சிருக்க, கிட்ட இருக்கிறது பெருசாத்தான் தெரியும். இப்ப ரெண்டடி தள்ளி நின்னு இன்னொண்ணு எடு.”

இரண்டாவது போட்டோவில் புள்ளி நுரையீரலை விட்டுத் தோள்பட்டைக்கு நடந்து போயிருந்தது. உடம்பில் இருப்பது அப்படி நடக்காது; பளபளக்கும் பிலிமில் விழுந்த பல்பு வெளிச்சம்தான் நடக்கும். அவளுக்குப் பாதி உயிர் வந்தது. ஆனாலும் பார்த்துச் சொல்வது அவள் வேலை இல்லை. இல்லாததைக் காட்டும் வெளிச்சம், இருப்பதையும் மறைத்திருக்கலாம். பிலிமை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வரச் சொன்னாள்.

இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவளே பிலிமை வெளிச்சப் பெட்டியில் நேராக மாட்டி, அறை விளக்கை அணைத்தாள். ரேடியாலஜி டாக்டர் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். இதயத்தை அளந்தார், நெஞ்சகலத்தில் பாதிகூட இல்லை. புள்ளி இருந்ததாகச் சொன்ன இடத்தை மறுபடி பார்த்தார்.

“ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு.”

தங்கை கணவர் அங்கேயே நின்று கப்பல்காரர்களைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை ஏறிவிடுவதாகச் சொன்னார். மூச்சக்காவுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு அடங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப எதுக்கு அழற?”

“ஒன்பது மாசம்க்கா,” என்றாள் தங்கை. “அது இப்பதான் உறைக்குது.”