எனக்கும் இதே புகார்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் மஞ்சக்கயிறு அக்கா. பயிற்சியில் இருப்பவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு மஞ்சள் நாடாவும், வேலை உறுதியானவர்கள் நீல நாடாவும் மாட்டிக்கொள்வது அங்கே வழக்கம். மஞ்சள் மாட்டியவர்களெல்லாம் மீசை அரும்பும் வயதுக்காரர்கள். இவளுக்கோ மகள் பத்தாம் வகுப்பு படித்தாள். முதல் நாள் லிஃப்டில் ஒரு பையன், "ஆன்ட்டி, பையனைப் பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டான். "இல்லப்பா, பையன்களோட போட்டி போட வந்தேன்" என்றாள். அவன் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படிக்கட்டில் போய்விட்டான்.

அதற்கு முன் பல வருடம் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். அங்கே சந்திப்பு நேரம் குறிக்கும் மென்பொருள் வாரத்துக்கு இரண்டு முறை படுத்துக்கொள்ளும். அதைத் திட்டித் திட்டி, அது ஏன் படுக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, சமையலறை மேசையில் யூடியூப் பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். எதையும் அரைகுறையாக விடத் தெரியாது அவளுக்கு. சரியாக ஓடும் நிரலையும் ஏன் ஓடுகிறது என்று தெரியும்வரை நம்பமாட்டாள்.

பயிற்சிக் காலத்தில் அவளுக்குக் கொடுத்த வேலை, ஒரு புகார்ப் பெட்டி. கட்டடத்தில் எது கெட்டாலும் ஊழியர்கள் பராமரிப்புப் பிரிவுக்கு எழுதிப் போடுவார்கள். ஒரு ஏசி சொட்டினால் முப்பது பேர் முப்பது விதமாக எழுதுவார்கள். "தண்ணீர் ஒழுகுகிறது", "ஏசியில் மழை", "என் தலையில் ஏன் ஊற்றுகிறீர்கள்". பராமரிப்புக்காரர் முப்பதையும் தனித்தனியாகத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். இவள் எழுதிய மென்பொருள், ஒருவர் புகாரைத் தட்டியவுடனேயே, அதே போன்ற பழைய புகாரைத் தேடிக் காட்டும். பக்கத்தில் "எனக்கும் இதே" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் புதுப் புகார் கிளம்பாது, பழைய புகாருக்கு ஆதரவு எண்ணிக்கை ஒன்று கூடும்.

தேடும் விதம் எளிமையானது. எல்லாப் புகாரிலும் வருகிற சொல்லுக்கு மதிப்புக் குறைவு. "தயவுசெய்து" எல்லாரும் எழுதுவார்கள், அதனால் ஒன்றும் விளங்காது. "முதுகு" என்று நாலு பேர்தான் எழுதுவார்கள், அதனால் அதற்கு மதிப்பு அதிகம். அரிய சொற்கள் எவ்வளவு பொருந்துகின்றனவோ, அவ்வளவு நெருக்கம். "நாற்காலி", "நாற்காலியில்", "நாற்காலியால்" மூன்றையும் ஒன்றாகப் பார்க்க, சொல்லின் வாலை வெட்டும் பகுதி ஒன்றையும் எழுதினாள். அந்த வால் வெட்டுவதிலேயே இரண்டு வாரம் போனது.

பயிற்சியின் கடைசி வெள்ளிக்கிழமை செயல்விளக்கம். துறைத் தலைவர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். மஞ்சள் நாடா போட்ட ஆறு பேரில் ஒருவருக்குத்தான் நீல நாடா. மற்ற ஐவருக்குச் சான்றிதழும் ஒரு தண்ணீர் பாட்டிலும். அவளுக்கு மருத்துவமனை மேசைக்குத் திரும்பிப் போக வழியில்லை. ராஜினாமாக் கடிதத்தில் அங்கே படுத்துக்கொள்ளும் மென்பொருளைப் பற்றித் தன் கருத்தையும் எழுதிவிட்டு வந்திருந்தாள்.

அவளுடைய குழுத் தலைவன் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். அவன் அவளை அக்கா என்பான், அவள் அவனைத் தம்பி என்பாள், ஆனால் விடுப்புக்கு அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"அக்கா, டெமோவுல புகாரெல்லாம் அந்த டெஸ்ட் சர்வர்லேர்ந்துதானே வருது?"

"ஆமாம் தம்பி. நிஜப் புகார்ல ஆளுங்க பேர் எல்லாம் இருக்கு, பயிற்சிக்காரங்க தொடக்கூடாதுன்னுட்டாங்களே. நானா எழுதிப் போட்டதுதான்."

"அது தூங்குமூஞ்சி சர்வர். கொஞ்ச நேரம் தொடலன்னா தூங்கிடும். எழுப்பறதுக்குள்ள சார் டீ குடிக்கப் போயிடுவார். ஒண்ணு பண்ணுங்க. நீங்க தட்டப் போற நாலு புகாருக்கு வர்ற விடையை முன்னாடியே உங்க லேப்டாப்புல சேமிச்சு வச்சுக்கங்க. ஒரு சுவிட்ச் போட்டு, டெமோ அன்னைக்கு அதிலேர்ந்து எடுத்துக் காட்டுங்க."

"அப்ப அது நேரடி விளக்கம் ஆகாதே."

"நேரடியா நிக்கப் போறது நீங்கதானே. அது போதும்."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தூங்குமூஞ்சி சர்வர் ஒத்திகையில் இரண்டு முறை அவளை நிற்க வைத்துக் கொட்டாவி விட்டது. சுவிட்சை எழுதினாள். போட்டிருந்தால், தட்டியது முதல் புகாரா, இரண்டாவதா என்று மட்டும் பார்த்து, அந்தந்த விடையை வரிசையாக எடுத்து நீட்டும். என்ன தட்டினார்கள் என்று பார்க்காது.

வீட்டில் மகளையும் கணவனையும் சோபாவில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள்.

"அம்மா, நீ 'இப்ப பாருங்க'ன்னு சொல்றப்பல்லாம் மந்திரவாதி முயல் எடுக்கிற மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றான் கணவன்.

"அப்பா, நீங்க தூங்கிட்டீங்க."

"கண்ணை மூடிக் கேட்டேன்."

வெள்ளிக்கிழமை. கூட்ட அறையில் குளிர். துறைத் தலைவருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் தொடர்கதை. அவர் நடத்தும் கூட்டம் எதுவும் ஒரே நாளில் முடிந்ததில்லை. அவருக்கு மட்டும் அந்தப் பெயர் தெரியாது என்று எல்லாரும் நம்பினார்கள்.

இவளுக்கு முன்னால் வந்த பையன் செயல்விளக்கத்தை வீடியோவாகவே எடுத்து வந்து ஓட்டினான். ஒலி வரவில்லை. அவனே வாயசைத்துக் குரல் கொடுத்தான். அடுத்தது இவள். திரையில் எழுத்தைப் பெரிதாக்கினாள், அறிவிப்புகளை அணைத்தாள். "உங்க லேப்டாப்புலயும் திறந்து பார்க்கலாம்" என்று பக்கத்தின் முகவரியைப் போட்டாள். யாரும் திறக்கமாட்டார்கள் என்று தம்பி ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

முதல் புகார், ஏசி. பொருத்தமான பழைய புகார் பட்டென்று வந்தது. இரண்டாவது, லிஃப்ட். பட்டென்று வந்தது. "இப்ப பாருங்க" என்று அவள் மூன்றாவதற்குக் கையை நீட்டியபோது தொடர்கதை எழுந்து வந்தார்.

"நல்லா இருக்கே. நகருங்கம்மா, நான் ஒண்ணு தட்டறேன்."

அவள் நகர்ந்தாள். அவர் நின்றவாக்கில், ஒரே விரலால் தட்டினார். "மீட்டிங் ரூம் நாற்காலி சரியில்லை. முதுகு வலிக்கிறது."

திரை சொன்னது: "இதே போன்ற புகார் ஏற்கெனவே உள்ளது. காபி இயந்திரத்தில் எறும்பு."

அறையில் யாரோ இருமினார்கள். சிரிப்பை இருமலாக மாற்றுவது அந்த அலுவலகத்தில் நன்கு வளர்ந்த கலை.

"என் முதுகுல எறும்பா?" என்றார் தொடர்கதை.

தம்பி துள்ளி எழுந்தான். "சார், நெட்வொர்க் பிரச்சினை சார். இந்த ரூம்ல சிக்னல்..."

அது அருமையான பொய். எல்லாரும் நம்பத் தயாராக இருந்தார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஆட்ட வரவில்லை.

"நெட்வொர்க் இல்ல சார். இதுவரைக்கும் நீங்க பார்த்ததெல்லாம் சேமிச்சு வச்ச விடை. சர்வர் தூங்கிடுமோன்னு பயந்து ஒரு சுவிட்ச் போட்டிருந்தேன். மூணாவதா நீங்க என்ன தட்டியிருந்தாலும் எறும்புதான் வந்திருக்கும்."

தம்பி மெதுவாக உட்கார்ந்தான்.

"அப்ப நிஜமா வேலை செய்யுமா, செய்யாதா?"

"செய்யும் சார். சுவிட்சை எடுத்துட்டுக் காட்டறேன். மெதுவா வரும்."

அமைப்புக் கோப்பைத் திறந்து, ஒரு வரியை மாற்றி, நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். எல்லார் முன்னாலும் செய்தாள். அவர் தட்டியதையே மறுபடி தட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சர்வர் போர்வையை விலக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

சோதனைக்கு நிறையப் புகார் வேண்டியிருந்தது. ஏசி, லிஃப்ட், குழாய் என்று எழுதி எழுதி ஒரு கட்டத்தில் கட்டடத்தில் உடைவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பிறகு மனதில் பட்டதையெல்லாம் புகாராக எழுதினாள். கணவனின் குறட்டை. தம்பி சூயிங்கம் மெல்லும் சத்தம். அப்புறம்...

வட்டம் நின்றது.

"இதே போன்ற புகார் ஏற்கெனவே உள்ளது. பொருத்தம்: மிக அதிகம். மீட்டிங் ரூம் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வலிக்கிறது. நாற்காலி மேல் குற்றமில்லை. தொடர்கதை பேச்சை நிறுத்தினால் முதுகு தானே சரியாகிவிடும்."

இரண்டு வாரம் உழைத்து வெட்டிய வால்கள் அத்தனையும் கச்சிதமாக வேலை செய்திருந்தன. இந்த முறை யாரும் இருமக்கூட இல்லை.

தொடர்கதை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"யாரும்மா இந்தத் தொடர்கதை?"

தம்பி கூரையில் ஏதோ தேடினான். நீல நாடா கண்ணெதிரே பறந்து போவதை அவள் பார்த்தாள். ஒரு பொய்யைக் கைவிட்டவளுக்கு இன்னொன்றைப் பிடிக்கத் தோன்றவில்லை.

"நீங்கதான் சார்."

அவர் திரையையே பார்த்தார். பிறகு கையை நீட்டி "எனக்கும் இதே" பொத்தானை அழுத்தினார். எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டானது.

"எனக்கும் வலிக்குதேம்மா. நான்தானே அதிக நேரம் நிக்கறேன்" என்றார்.

அறை வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் அறையைப் பார்த்துத் திரும்பி நின்று, கூட்டங்கள் ஏன் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். நேரத்தின் அருமை, கவனத்தின் இயல்பு, தான் இளைஞனாக இருந்தபோது கண்ட கூட்டங்கள். பேச்சு நீண்டது. இரண்டாவது வரிசையில் ஒருவர் சத்தமில்லாமல் மடிக்கணினியைத் திறந்தார். தொடர்கதையின் முதுகுக்குப் பின்னால் திரையில் எண் மூன்றானது. சில நொடிகளுக்கு ஒருமுறை பக்கம் தானே புதுப்பித்துக்கொள்ளும்படி அவள் எழுதியிருந்தாள். அதைச் சொல்லிப் பெருமைப்பட இப்போது நேரமில்லை. ஐந்து. ஒன்பது. பதினான்கு. கடைசியில் தம்பியும் தலையைக் குனிந்து ஒருமுறை அழுத்தினான்.

எல்லார் கண்ணும் தன் தோளுக்கு மேலே போவதைக் கண்டு தொடர்கதை திரும்பினார். அவர் பார்க்கும்போதே எண் இன்னும் ஒன்று கூடியது.

"சரி. கூட்டம் முடிஞ்சுது" என்றார்.

அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு வாக்கியம் அதற்கு முன் கேட்டதில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. கதவருகே நின்று அவர் அவளைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை கயிறை மாத்திக்கங்க. அந்தச் சுவிட்சை மொதல்ல அழிச்சிடுங்க. புகாரை அழிக்க வேண்டாம், என் பேருக்கு ஒதுக்கி விடுங்க. சரி பண்ண வேண்டியது நான்தானே."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் கேட்டாள்: "அப்பாவோட குறட்டையும் அதுல இருக்கா?"

"இருக்கு."

"லிங்க் அனுப்பும்மா. எனக்கும் இதே."

இப்போது அவள் நீல நாடாவோடு இருக்கிறாள். புகார்ப் பெட்டி கட்டடம் முழுக்க ஓடுகிறது. தொடர்கதையின் பெயருக்கு ஒதுக்கிய அந்தப் புகாரின் நிலை மட்டும் இன்றைக்கும் மாறவில்லை: "நடவடிக்கையில் உள்ளது."