மாப்பிள்ளை யார்?

கள்ளக்குறிச்சியில் ராஜாங்கத்தின் சொட்டுநீர்ப் பாசனக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. கூட்டாளிகளான இஸ்ரேல்காரர்களுக்கு வாரம் அன்றுதான் தொடங்குகிறது. கச்சிராயபாளையத்துக் கரும்புக் கொல்லையில் அவர்களும் ராஜாங்கமும் கூட்டாகக் குழாய் பதித்திருந்தார்கள். அதைப் பற்றி வாராவாரம் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவார்கள். அவர்கள் இங்கிலீஷில் பேசுவதைத் தமிழாக்கி ராஜாங்கத்துக்குச் சொல்வது ரம்யாவின் வேலை.

அந்தப் பக்கம் நோவா என்ற பெண். முப்பது வயது இருந்தாலே அதிகம். ராஜாங்கத்துக்கு அறுபத்தைந்து. இந்தக் கடையில் அவர் நிழல் விழுந்தாலே நாற்காலிகள் காலியாகும். நோவாவோ வெறும் "ராஜாங்கம்" என்றுதான் கூப்பிடுவாள். மரியாதைக்கு நீங்கள் என்று சொல்லும் வழக்கமே அவர்கள் எபிரேயத்தில் இல்லையாம். இங்கிலீஷுக்கு நடுவே "லாமா?" என்பாள், எபிரேயத்தில் ஏன் என்று அர்த்தம். அந்த ஏன் ரம்யாவின் வாய்க்கு வருவதற்குள், "ஐயா, தப்பா நெனைக்கலன்னா ஒரு விஷயம்" என்று குளித்து, தலைவாரி, பொட்டும் வைத்துக்கொள்ளும். இரண்டு வருடமாக அந்தக் கூட்டு உடையாமல் ஓடியதே இவளுடைய புளுகில்தான்.

டிசம்பரில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. உளுந்தூர்பேட்டை மறியலில் ஒரு பஸ் கண்ணாடி நொறுங்கியது. போலீஸ் பிடித்துப் போனவர்களில் ரம்யாவின் தம்பி சுபாஷும் இருந்தான். ஜாமீனில் வந்துவிட்டான். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. சோறு போட்டார்கள், சாப்பிட்டான். ரம்யாவுக்கும் அன்றிலிருந்து ஒன்றும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அடிபட்டு மரத்த கையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் சில நாள் தன்னையே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் சம்பளம்தான் அந்த வீட்டின் அடுப்பு. வேலைக்கு மட்டும் போய்வந்தாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. அடுத்த மாதத் திட்டத்தில் ரம்யா பெயர் ஏன் இல்லை என்று நோவா கேட்டாள். ராஜாங்கம் மேசையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ரம்யாவுக்குக் கல்யாணம் வச்சிக்கினு இருக்காங்க, அதான் வேலய வுட்டு நின்னுக்கறான்னு சொல்லும்மா."

வேலை போய்விட்டது என்பதை ரம்யா அப்படித்தான் தெரிந்துகொண்டாள். அதையும் இங்கிலீஷில் பிழையில்லாமல் சொன்னாள். தன்னைப் பற்றிய பொய் யாரையோ பற்றியது போல் வாயிலிருந்து போயிற்று.

நம் ஊராக இருந்தால் வாழ்த்து சொல்லி அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். நோவா வாழ்த்தவும் செய்தாள், விடவும் இல்லை. மாப்பிள்ளை யார், என்ன வேலை, ரம்யாவுக்குப் பிடித்திருக்கிறதா, ராஜாங்கம் பார்த்தாரா என்று வரிசையாகக் கேட்டாள்.

"மாப்பிள்ள யாருன்னு கேக்கறாங்கய்யா."

அவசரத்துக்கு ஒரு மாப்பிள்ளைக்கு ராஜாங்கம் எங்கே போவார்? தண்ணீர் குடித்தார். நோவா, கல்யாணம் எதுவும் இல்லை, அப்படித்தானே, இந்தப் பெண்ணை ஏன் அனுப்புகிறாய் என்றாள்.

"இன்னா சொல்றா?" என்றார் ராஜாங்கம்.

மெழுகிப் பூசச் சொற்கள் ரம்யாவிடம் ஆயிரம் இருந்தன. அன்று ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை. துணிச்சல் என்று சொல்ல முடியாது, அலுப்புதான்.

"ராஜாங்கம், கல்யாணமே இல்ல. இந்தப் பொண்ண ஏன் அனுப்பற?"

ஐயா இல்லாத அந்தப் பெயரை அந்தக் கடைச் சுவர்கள் முதல்முறையாகத் தமிழில் கேட்டன. கேள்வி நோவாவுடையது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் ரம்யாவைத்தான் பார்த்தார்.

"தம்பி மேல கேஸு இருக்குது. எனக்கு எல்லா சாதிக்காரனும்தான் வாடிக்க. கட வாசல்ல பேச்சு வரக்கூடாது."

ரம்யா அதையும் மாற்றிச் சொன்னாள். நோவா திருப்பிக் கேட்டாள். ரம்யா அதைத் தமிழில் வைத்தாள்.

"கண்ணாடிய ஒடச்சது ரம்யாவா?"

"இல்ல," என்றார் ராஜாங்கம்.

"அப்புறம் ஏன்?" என்று நோவாவின் "லாமா?"வைத் தமிழாக்கினாள் ரம்யா.

ராஜாங்கம் தாளைப் புரட்டினார். கொல்லையில் வடிகட்டி அடைப்பைப் பற்றிக் கேட்கச் சொன்னார். பேச்சு முடிந்து எழுந்தபோது, அடுத்த ஞாயிறு நேரத்தோடு வந்துவிடு என்று முகம் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

வேலை தப்பியது, அந்தச் சந்தோஷமும் உறைக்கவில்லை. வீட்டில் சுபாஷ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ரம்யா பையை இறக்கி வைக்கவில்லை.

"அந்தக் கண்ணாடிய நீதான் ஒடச்சியா?"

அவன் நிமிர்ந்தான். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"இல்லக்கா. போலீசு கூட இத கேக்கல. நீங்க யாராச்சும் கேப்பீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

ரம்யாவுக்கு அப்போதுதான் வலித்தது.