எதிரே போட்ட இலை

அக்கா மஸ்கட்டில் நர்ஸ். அம்மா இறந்த பதினோராம் நாள் விமானம் ஏறினாள். ஆழ்வார்குறிச்சியில் இருந்தது வாடகை வீடு. அதைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு, டவுணில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறைக்கு நான் வந்தேன். போட்டித் தேர்வு மையம் ஒன்றில் கணக்கு நடத்துகிறேன். வகுப்பில் நாற்பது பேர் "சார், சார்" என்பார்கள். மணி அடித்ததும் நாற்பது பேரும் தங்கள் தங்கள் ஊர்ப் பேருந்தைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். மற்ற ஆசிரியர்களும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் பேசுகிற முதல் ஆள் டீக்கடைக்காரர், கடைசி ஆளும் அவரேதான்.

இது அக்காவுக்குத் தெரியக்கூடாது. ஆஸ்பத்திரியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிற நேரம் அது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடலாம், அல்லது ஊர் திரும்பலாம். "நீ அங்கன ஒத்தையில கெடக்கேன்னு தெரிஞ்சா நான் கையெழுத்து போட மாட்டேன், பாத்துக்கோ. பொட்டியக் கட்டிட்டு வந்துருவேன்" என்று சொல்லியிருந்தாள். அந்த வேலைக்காக மூன்று வருடம் பரீட்சை எழுதியவள் அவள். அங்கே அவளுக்கு வேலை பிடித்திருந்தது, குரலிலேயே தெரியும். என்னால் அது போய்விடக் கூடாது.

ஆகவே ஞாயிறுதோறும் ஓர் ஆல்பம் அனுப்பினேன். ஒவ்வொன்றாக அனுப்பினால் வார்டில் போன் நிற்காமல் சிணுங்குகிறதாம், மொத்தமாக அனுப்பச் சொன்னாள். ஆறு ஏழு படங்களை ஒருசேரத் தேர்ந்தெடுத்து, அனுப்புமுன் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி அதனதன் கீழே ஒரு வரி எழுதுவேன். "பசங்களோட அல்வா." "பசங்களோட பாபநாசம்." எந்தப் பசங்க? அல்வாக்கடை வாசலில் எனக்குப் பின்னால் நின்றவர்கள். பாபநாசம் படித்துறையில் எனக்குப் பக்கத்தில் தலை துவட்டியவர்கள். என்னை நானே எடுத்துக்கொள்வது போல போனை நீட்டினால் பின்னால் எத்தனை பேர் வேண்டுமானாலும் விழுவார்கள். பிறகு வெட்டுகிற வேலை. எனக்கும் அவர்களுக்கும் நடுவே கிடக்கும் இரண்டு முழ வெற்றிடம் தெரியாமல் இருக்க, ஓரங்களை இழுத்து இழுத்துப் படத்தைக் குறுக்குவேன். ஒருமுறை ஒருவர் தலைக்கு மேலே மஞ்சள் கோட்டில் கிரீடம் வரைந்து, "இன்னைக்கு இவன் பிறந்தநாள்" என்று எழுதிவிட்டேன். அவருக்கு நாற்பது வயதாவது இருக்கும்.

முகங்களை மட்டும் அழித்துவிடுவேன். படத்தின் மேலே இருக்கும் பென்சில் குறியைத் தொட்டால் வண்ணங்களோடு, கட்டங்கட்டமாகக் கலைக்கிற ஒரு தூரிகையும் வரும். அதை வைத்து விரலால் தேய்த்தால் கண்ணும் மூக்கும் சிறு சதுரங்களாகிவிடும். யாரோ எவரோ, கேட்காமல் முகத்தைக் கடல் தாண்டி அனுப்புவது நியாயமில்லை என்று எனக்கே நான் சொல்லிக்கொள்வேன். அக்காவிடம், "பசங்களுக்கு போட்டோல வாரது பிடிக்காதுக்கா" என்பேன். ஆனால் தேய்ப்பது போகிற படத்தில் மட்டும்தான். என் போனில் அசல் அப்படியே இருக்கும். சில ராத்திரி அசல்களைத் திறந்து பார்ப்பேன். ஒருவர்கூட என்னைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஒரு ஞாயிறு அக்கா பதில் போட்டாள். குரல் செய்திதான்.

"ஏலே, எல்லாவனும் ஒனக்குப் பின்னாடியே நிக்கானுவ. ஒருத்தனாவது ஓங்கூட ஒக்காந்து ஒருவாய் சாப்பிடுதானா? அதைப் போட்டு அனுப்பு."

எனக்கு வேகம் பிடித்துவிட்டது. இதற்கா பஞ்சம்? அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே மார்க்கெட்டில் நின்றேன். தேங்காய், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், இஞ்சி, இரண்டு தலைவாழை இலை. சொதிக் குழம்பு வைத்தேன், இஞ்சித் துவையல் அரைத்தேன், உருளைக்கிழங்கு வறுத்தேன். தேங்காய்ப்பாலைக் கொதிக்க விடாமல் இறக்குவதுகூடச் சரியாக வந்தது. பிறகு நண்பனைச் செய்தேன். தலையணையைச் சுவரில் சாய்த்து என் நீலச் சட்டையை மாட்டினேன். கழுத்துக்கு மேல் தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து, கை இல்லாதது தெரியாமல் தோளில் ஒரு துண்டையும் போர்த்தினேன். எதிரெதிரே இலை போட்டு இரண்டிலும் பரிமாறி, என் பக்கத்திலிருந்து எடுத்தேன்.

பானையைத் தேய்த்தேன். விரல் பட்ட இடமெல்லாம் பழுப்புச் சதுரங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஆள் மாதிரியே இருந்தது. முகத்தை மறைத்த படங்கள் எல்லாவற்றையும்விட, முகமே இல்லாத இந்தப் படம்தான் நம்பும்படி இருந்தது. இருபுறமும் நெருக்கி வெட்டி, அடுப்பு, துவையல், சொதிக் கிண்ணம் என்று இன்னும் ஐந்தைச் சேர்த்து, கீழே எழுதினேன்: "நண்பனுக்கு நம்மூர் சொதி விருந்து."

ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"சொதி நல்லா வந்துருக்குபோல."

"ஆமாக்கா."

"அவன் எந்த ஊரு?"

"மேலப்பாளையம்."

"நம்ம பக்கத்து ஆள்தானா. அப்ப இலையை ஏம்லே இப்படிப் போட்டிருக்கான்?"

எனக்குப் புரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் படத்தைத் திறந்தேன். என் இலையின் நுனி என் இடதுபக்கம் இருந்தது, சரி. எதிர் இலையின் நுனியும் அதே பக்கம். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு அது வலதுபக்கம். இரண்டு இலையையும் நான் ஒரே பக்கம் நின்று, எனக்கே போடுவது போலப் போட்டிருக்கிறேன்.

"அவன் இடதுகைக்காரன்க்கா" என்றேன்.

"இடதுகைக்காரன் வீட்லயும் நுனி இடதுபக்கந்தாம்லே வரும். எதிர்ல ஆள் இருந்தா அவன் முகத்தப் பாத்துல்லா இலை போடுவ." பிறகு பைய, "அங்கன யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

வெட்டாத, தேய்க்காத அசலை எடுத்து அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. மறுமுனையில் முதலில் கேட்டது சிரிப்பு.

"பானையா? அட மூதி, பானைக்கா துண்டு போத்தியிருக்க?" சிரிப்பு அப்படியே மூக்கை உறிஞ்சுவதாக மாறியது. "அப்ப அல்வாக்கடைல நின்னவனுவ? அந்தப் பொறந்தநாள்காரன்?"

"யாருன்னு தெரியாதுக்கா."

"ஒருத்தனும் இல்லியா?"

"இல்ல."

அவள் வந்துவிடுவாள், எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். "அக்கா, நீ வராத. நான் நல்லாத்தான் இருக்கேன். நீ கையெழுத்த போடு" என்று மளமளவென்று சொன்னேன்.

"வியாழக்கிழமையே போட்டுட்டேன்லே" என்றாள். "போன வாரம் நீ அனுப்பின படித்துறை போட்டோவ வார்டுல எல்லாருக்கும் காட்டுனேன். எந்தம்பிக்கு எத்தன கூட்டாளின்னு. அந்தத் தைரியத்துலதான் போட்டேன். சும்மா ஒரு சாப்பாட்டுப் படமும் இருந்தா மனசுக்கு நல்லாருக்குமேன்னு கேட்டேன்."

நான் கேட்டது நடந்துவிட்டது. வேலை பத்திரம். இரண்டு வருடம். வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொன்னேனா என்று நினைவில்லை. அவளை யாரோ உள்ளே கூப்பிட்டார்கள், "ஆறிப்போகும், சாப்பிடு" என்று வைத்துவிட்டாள். என் இலையில் இருந்ததைச் சாப்பிட்டேன். எதிர் இலையில் இருந்ததை வழித்துக் கிண்ணத்தில் போட்டேன். பானையை எடுத்துக் கழுவி, தண்ணீர் பிடித்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஒரே ஒரு படம் அனுப்பினேன். அறை முழுதும், கதவோரத்தில் நின்று எடுத்தது. கொடியில் துணி, சுருட்டாத பாய், மூலையில் முந்தின நாள் பாத்திரங்கள். எதையும் வெட்டவில்லை. அவள் பார்த்துவிட்டதாக இரண்டு குறிகளும் நீலமாயின. அவள் தட்டச்சு செய்வதும் நிறுத்துவதுமாக வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் வந்தது ஒரே வரி.

"மொதல்ல அந்தப் பாத்திரத்தக் கழுவிப் போடுலே."