ஒரு செட் என்றால் எத்தனை

டெய்லர் அக்கா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள், அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட. மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்து, பள்ளிச் சீருடையும் கடை ஆட்களின் சட்டையும் தைத்துக்கொடுத்து வந்தாள். துணி வெட்டுவது அவளுடைய அண்ணி. மெஷினில் அக்கா தங்கைகளான இரண்டு பெண்கள். பட்டன் துளைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்க இன்னொரு பெண். அந்தப் பெண்ணை எல்லோருக்கும் ‘காஜா’ என்றே பழக்கம்.

டெய்லர் அக்கா பயந்த சுபாவம். மின்கட்டண வரிசையில் நின்றால்கூட உள்ளங்கை வியர்த்துவிடும். பஸ் ஓட்டுகிற அவள் கணவர், "வீட்டுல என்னைத் தவிர எல்லாத்துக்கும் பயப்படுவா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்குச் சீருடை தைக்க டெண்டர் விட்டபோது அண்ணிதான் பிடிவாதம் பிடித்தாள். "எத்தனை வருஷம் காலர் மாத்தியே காலம் தள்ளுறது? போய்க் கேட்டுப் பார்க்கலாம் வா."

கொள்முதல் பிரிவில் கண்ணாடி போட்ட கிளார்க் அம்மா ஒருத்தி இருந்தாள். பேச்சு வெடுக்கென்று இருந்தாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

"விலையோட, முன்வைப்புத் தொகைன்னு ஒரு டெபாசிட்டுக்கு பேங்க் டி.டி. வைக்கணும். அது இல்லாட்டி உங்க விலைக் கவரைப் பிரிக்கவே மாட்டாங்க."

"டெண்டர் கிடைக்கலைன்னா அந்தக் காசு?"

"திரும்ப வந்துடும், வட்டி கிடையாது. கிடைச்சா கையில தர மாட்டோம். வேலை முடியிற வரைக்கும் நீங்க கட்டிவைக்க வேண்டிய காப்புத் தொகையில அதைக் கழிச்சுக்குவோம், மீதியை மட்டும் கட்டினாப் போதும்."

"அப்போ எப்படியும் காசு எங்கயும் போகாதுங்களா?"

"பெட்டியை மூடினப்புறம் வாபஸ்னு வந்தா போகும். கிடைச்சப்புறம் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னாலும் போகும். அதுக்கப்புறம் சில வருஷம் இந்த ஆஸ்பத்திரிப் பக்கமே டெண்டர் போட முடியாது."

அந்தத் தொகை டெய்லர் அக்காவிடம் தனியாக இல்லை. ஐந்து பேரும் போட்டார்கள். காஜா தன் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். "எப்படியும் திரும்ப வந்துடுமில்லக்கா?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி.

கடைசி நாள் மதியம் கவரைப் பெட்டியில் போட்டுவிட்டு, விலைகளைப் படிக்கும் நேரத்துக்காக வராந்தா பெஞ்சில் அமர்ந்தாள். நேரம் முடிந்து, காவலாளி டெண்டர் பெட்டியின் வாயை மூடிக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்த ஜவுளிக்காரர், வருஷாவருஷம் வருகிறவர், பேச்சுத்துணை தேடினார்.

"துணி விலை ஏறிக் கெடக்கு. ஒரு செட்டுக்கு ரெண்டு சட்டை, ரெண்டு பேன்ட். எங்கம்மா கட்டுப்படியாகுது?"

"ஒரு செட்டுன்னா ஒரு சட்டை, ஒரு பேன்ட் தானுங்களே?"

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து டெண்டர் தாள்களை எடுத்து, கடைசிப் பக்கத்துக்குப் போய் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு, இரண்டு என்று தெளிவாக இருந்தது. விலை எழுதும் பக்கத்தை அவள் திரும்பத் திரும்பப் படித்திருந்தாள். கடைசிப் பக்கத்தைத் தையல் அளவு என்று நினைத்துப் புரட்டிவிட்டிருந்தாள்.

எழுந்து கிளார்க் அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, என் கவரை மட்டும் எடுத்துக்கலாமா?"

கிளார்க் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பெட்டியை மூடியாச்சு. இப்போ வேணாம்னா டெபாசிட் போயிடும். வேணாம்னு எழுதித் தர்றீங்களா?"

அவள் வேகமாகத் தலையசைத்து மறுத்தாள்.

விலைகளைப் படித்த அறையில் எல்லோரும் ஜெயிக்க வேண்டுமென்று உட்கார்ந்திருக்க, அவள் ஒருத்தி தோற்க வேண்டுமென்று உட்கார்ந்திருந்தாள். டி.டி.யில் ஏதாவது பிழை இருக்கட்டும், ஒரு முத்திரை விட்டுப்போயிருக்கட்டும் என்று வேண்டினாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை. எல்லாம் சரியாக இருப்பதாகப் படித்தார்கள். பிறகு விலைகள். அவளுடையதைப் படித்தபோது அதிகாரி நிறுத்தி, தாளை மறுபடி பார்த்துவிட்டுப் படித்தார். மற்றவர்களின் விலையில் ஏறக்குறையப் பாதி. பின்னாலிருந்து ஒருவர், "அம்மா தர்மத்துக்குத் தைக்கிறாங்க போல" என்றார். வருகைப் பதிவில் அவள் போட்ட கையெழுத்து அவளுடையது மாதிரியே இல்லை.

மாடியறைக்கு வந்து, "முடிவு சொல்ல நாளாகுமாம்" என்றாள். அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. விலை குறைந்தவருக்குத்தான் டெண்டர்; ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் ஒவ்வொரு செட்டுக்கும் கைக்காசு போடவேண்டும். மெஷினை விற்றாலும் போதாது. போடாவிட்டால் ஐந்து பேர் பணமும் போச்சு. அண்ணியோ புது மெஷினுக்கு இடம் பார்த்து, சுவரோரம் சாக்பீஸால் கோடு கிழித்து வைத்திருந்தாள். டெய்லர் அக்கா அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றி நடந்தாள். சட்டைக் கைகளைத் தலைகீழாகத் தைத்தாள், பிரித்தாள், மறுபடி தலைகீழாகவே தைத்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஆஸ்பத்திரிக் கடிதமோ என்று எட்டிப் பார்த்தாள்.

கடிதமும் வந்தது. ‘தங்கள் விலை மிகக் குறைவாக உள்ளது, துணி, கூலி வாரியாக விளக்கம் தந்து, குழு முன் நேரில் வரவும்.’ அண்ணிதான் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். டெய்லர் அக்கா தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

மெஷின்கள் நின்றுவிட்டன. காஜா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அது என் பொண்ணு காலேஜ் பீஸ், அக்கா."

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா இத்தனை நாள் வாயைத் திறக்கல?"

காஜா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அண்ணி டெய்லர் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "படிச்சுப் பார்க்காம விட்டது நீ மட்டுமில்ல, நானும்தான்" என்றாள். "நாளைக்குச் சேர்ந்தே போவோம்."

போன இடத்தில் கிளார்க் அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "விளக்கம் கேட்டிருக்காங்க, விளக்கம் குடுங்க. உள்ளதைச் சொல்லுங்க. நீங்களா வேணாம்னு சொன்னா ஒரு விதி, குழு வேணாம்னு தள்ளினா வேற விதி. அவ்வளவுதான் நான் சொல்லலாம்."

குழுவில் மூன்று பேர். தலைவருக்குப் பொறுமையில்லை. துணி, நூல், கூலி எல்லாம் எழுதிய தாளை டெய்லர் அக்கா நீட்டினாள்.

"இது ஒரு சட்டை, ஒரு பேன்ட்டுக்கான விலை. தெரியாம அப்படி நினைச்சு எழுதிட்டேங்க."

"சரி, இந்த விலைக்குத் தர முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

முடியாது என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. பக்கத்தில் அண்ணியின் விரல்கள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தன.

"நான் பின்வாங்கல சார். ஆனா இந்த விலையில ரெண்டு சோடிக்குத் துணியே வராது. கணக்கு உங்க கையில இருக்கு. பார்த்து நீங்களே முடிவு பண்ணுங்க."

தலைவர் முகம் சுளித்தார். குழுவிலிருந்த கணக்கு அதிகாரி தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். "துணி விலையே மொத்தத்தைத் தாண்டுது. இதைக் குடுத்தா பாதியில நின்னுடும், நமக்குத்தான் சங்கடம். கட்டுப்படியாகாத விலைன்னு நாமளே தள்ளிடலாம். அப்படித் தள்ளினா டெபாசிட்டைப் பிடிக்க முடியாது, திருப்பிக் குடுத்துடணும்." தலைவர் இன்னும் கொஞ்சம் முறைத்துவிட்டு, "அடுத்த தடவை கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்கம்மா" என்று தலையாட்டினார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அண்ணி தண்ணீர் வாங்கி வந்தாள்.

பணம் உடனே வரவில்லை. ஜவுளிக்காரருக்கு ஆர்டர் போய், கோப்பு மேஜை மேஜையாக நகர்ந்த பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறியது. அதுவரை ஒவ்வொரு காலையும் விழித்தவுடன் மனம் மாறிவிட்டார்களோ என்ற நினைப்புத்தான். வந்த அன்றே காஜாவின் வீட்டுக்குப் போய்க் கொடுத்தாள். காஜா எண்ணிப் பார்க்காமல் உள்ளே வைத்தாள். வேலைக்குத் திரும்பி வந்தாள். ஆனால் அதன்பின் எந்த டெண்டருக்கும் பணம் போடவில்லை. டெய்லர் அக்காவும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பள்ளி டெண்டர் அவர்களுக்குக் கிடைத்தது. முன்வைப்புத் தொகை காப்புத் தொகையில் கழிந்ததற்கு ரசீது தந்தார்கள். அண்ணி எல்லோருக்கும் டீ வாங்கி வந்தாள். டெய்லர் அக்கா டீயை ஆறவிட்டு, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.