நெஞ்சில் வைத்த கை

சோதனை அறையிலிருந்து கொல்லென்று சிரிப்பு வெடித்தது.

"கிழவன் மறுபடி பறந்துட்டான்டா! கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்!"

பக்கத்து அறையில், வீடியோ கேமில் உடல்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிடும் இயற்பியல் நிரலை எழுதும் 'வாத்தியார்' தலை தூக்கவில்லை. அந்த அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர்.

கேமில் ஒரு கிழக் காவலாளி குண்டடிபட்டுச் சாவான். நெஞ்சைப் பிடித்தபடி மெல்ல மடிவது அனிமேட்டர் பெண் செய்த அசைவு. முழங்கால் தரையைத் தொட்டதும் உடலை இயற்பியல் வாங்கிக்கொள்ளும். அதன்பின் அவன் சரிவது வாத்தியாரின் கணக்கு. ஆனால் வாங்கிய அந்தக் கணமே உடல் துடித்துச் சிதறியது.

ஏன் சிதறுகிறது என்று போன வாரம் இயக்குநர் கேட்டபோது, "அவங்க போஸ்ல கை நெஞ்சுக்குள்ள போகுது சார்" என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் பெண்ணின் வேலை போயிற்று. இன்று அவளுக்குக் கடைசி நாள்.

இன்று காலைதான் காரணம் பிடிபட்டது. கையும் நெஞ்சும் ஒன்றோடொன்று மோதாதபடி முன்பு அமைத்திருந்தார். பிறகு, பிணத்தின் கை உடம்பில் புதையக்கூடாதென்று அந்த மோதலைத் திறந்துவிட்டவரும் அவரே; திறந்ததையே மறந்துவிட்டார். ஒரே இடத்தில் இரண்டு கெட்டிப் பொருள். கேமை ஓட்டும் எஞ்சின் இரண்டையும் ஒரே மூச்சில் விலக்கித் தள்ளியது. அதுதான் வெடிப்பு.

தன் கணினியில் மட்டும் அந்த ஒரு மோதலை அணைத்துப் பார்த்தார். கிழவன் நெஞ்சில் கை வைத்தபடியே அமைதியாகச் சரிந்தான். இயக்குநரிடம் சொல்லப் போக வாத்தியார் எழுந்தார், உட்கார்ந்தார். பொழுதே போய்விட்டது.

கதவு திறந்தது. தோளில் பையோடு அவள்.

"போயிட்டு வரேன் வாத்தியாரே. கையை எடுத்துட்டு வேற போஸ் வச்சிட்டேன். எங்கப்பா நெஞ்சைப் புடிச்சிக்கிட்டேதான் போனாரு. அதான் மாத்த மனசே வரல. சரி, விடுங்க."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இது என் பழைய போஸாச்சே! சிதறலையே!"

"உன் மேல தப்பில்லம்மா. மோதலைத் திறந்துவிட்டது நான்."

"எப்பத் தெரியும்?"

"காலையில."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே தெருவிளக்கு எரிந்தது.

"ரொம்ப நல்லாயிருக்கு, சார்."

அந்த 'சார்' அவரை அறைந்தது. இயக்குநரை ஃபோனில் அழைத்து, அவள் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், கிழவன் சிதறினது என் தப்பு. அந்தப் பொண்ணை அநியாயமா மாட்டி விட்டுட்டேன்."

மறுமுனையில் நீண்ட மூச்சு. "யோவ், இதைச் சொல்ல இன்னிக்குத்தான் வாய் வந்துதா? அவளைப் போகவேணாம்னு சொல்லு. நீ மேல வா."

ஃபோன் அணைந்தது. வாத்தியாரின் கண் நிரம்பியது. "மன்னிச்சிடும்மா."

அவள் பையின் வாரைச் சரிசெய்தாள்.

"வேலைக்கு வரேன், சார். மன்னிப்பை மட்டும் இப்பக் கேக்காதீங்க. எனக்கு வரல."

வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.