கொடிக்கம்பத்துக்குக் கீழே இருந்த மேடு

மேலே ஏதாவது பறந்தால் போதும், அண்ணாந்து பார்க்க ஒரு கூட்டம் கூடிவிடும். எனக்கு அது பிடிக்காது. காற்றைப் பார்ப்பதா, பேட்டரியைப் பார்ப்பதா, "கல்யாண வீடியோவும் எடுப்பியாம்மா?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதா? வழக்கமாக எரிந்து விழுவேன். அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு ட்ரோனை ஏற்றினேன். அது என் அம்மாவின் ஊர். கூட்டத்தில் பாதிப் பேர் எனக்கு ஏதோ ஒரு வகையில் மாமா அல்லது சித்தி.

வீராம்பட்டினத்துக்குத் தெற்கே இருக்கும் சின்ன மீனவக் குப்பம் அது. கடல் அங்கே கரையைத் தின்றுகொண்டே வந்து, முன் தெருவின் வாசற்படிகள் வரை வந்துவிட்டது. ஆற்று முகத்துவாரத்தில் தூர் வாரிய மணலை டிப்பரில் கொண்டுவந்து, ஊரின் தெற்குக் கோடியில் மலையாகக் குவித்திருந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை வீடுகளுக்கு எதிரே பரப்ப வேண்டும். வடக்கில் ஆரம்பித்துத் தெற்கில் முடிப்பதாக ஏற்பாடு. தெற்கே கடைசி வீடு என் சின்னம்மாவுடையது. மணல் குறைந்தால் முதலில் விட்டுப்போவது அந்த வீடுதான்.

உழவர்கரையில் ஒரு சின்ன சர்வே அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். குவியலில் எவ்வளவு மணல் இருக்கிறது என்று அளந்து சொல்லும்படி எங்களைக் கேட்டிருந்தார்கள். கரைக்குத் தேவை பதினேழாயிரம் கன மீட்டர். அவ்வளவு சேர்ந்துவிட்டது என்றால் தூர் வாருவதை நிறுத்திக்கொள்வார்கள். சேரவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் வாருவார்கள். என் எண்ணுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குவியலைச் சுற்றித் தரையில் குறிகள் வைத்து, அவற்றின் மட்டத்தைத் துல்லியமாக எடுத்துக்கொள்வோம். ட்ரோன் மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்று படியும்படி படங்கள் எடுக்கும். கணினி அவற்றைச் சேர்த்துக் குவியலின் மேல்பரப்பை மாடலாக்கித் தரும். மணல் தரையைத் தொடும் விளிம்பைச் சுற்றி நான் ஒரு கோடு வரைவேன். அந்தக் கோட்டை இணைத்து அடியில் ஒரு தளத்தைக் கணினி கற்பனை செய்துகொள்ளும். தளத்துக்கும் மேல்பரப்புக்கும் இடையில் இருப்பதெல்லாம் மணல் என்பது கணக்கு.

பதினெட்டாயிரம் வந்தது.

கரை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த இளநிலைப் பொறியாளர் ஏற்கெனவே டேப் பிடித்து அளந்திருந்தார். அடியில் நீளம் அகலம், உச்சியில் நீளம் அகலம், லெவல் கருவி வைத்து உயரம். அவருக்கும் கிட்டத்தட்ட அதே எண். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாம்மா, என் டேப்பும் உன் ஹெலிகாப்டரும் ஒரே பேச்சு பேசுது" என்றார்.

எனக்கும் சந்தோஷம்தான். வேறு வேறு வழியில் போன இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வந்தால், அந்த இடம் சரி என்றுதானே நினைப்போம்? மாடலில் உச்சிக்குப் பக்கத்தில் ஊசி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பறவையாகவோ கம்பியாகவோ இருக்கும் என்று அதை அழித்துவிட்டேன். அப்படிப்பட்ட பிசிறுகளை அழிப்பது எங்கள் வழக்கம்.

அறிக்கையை அனுப்புவதற்கு முந்தின நாள் சின்னம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. சித்தப்பா ஒரு சிவப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மணல் குவியலில் ஏறினார். அலை மோசமாக இருக்கும்போது, வெளியே போன படகுகள் இந்தப் பக்கம் கரையேற வேண்டாம் என்று சொல்வதற்காக அந்த ஊரில் சிவப்புத் துணி கட்டுவார்கள். மேலே போன சித்தப்பா, கழுத்துயரத்துக்கு நின்ற ஓர் இரும்புக் குழாயில் துணியைக் கையாலேயே முடிந்துவிட்டு இறங்கினார். துவைத்த துணியைக் கொடியில் போடுகிற மாதிரி அவ்வளவு சுலபமாக.

தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். சின்ன வயதில் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் அங்கே ஒரு மணல்மேட்டின் உச்சியில் அந்தக் கம்பத்தைப் பார்த்திருக்கிறேன். கயிறு இழுத்துத்தான் துணியை ஏற்றுவார்கள்.

"சித்தப்பா, அந்தக் கம்பம் எவ்ளோ உயரம்?"

"இருபது அடி. நாங்கதான் நட்டோம். மேட்டு உச்சில காங்கிரீட் போட்டு."

"மேட்டைத் தள்ளிச் சமமாக்கிட்டுத்தானே மணலக் கொட்டுனாங்க?"

"தள்ள வந்தாங்க. கம்பத்துல கை வைக்கக்கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டோம். அப்புறம் அது மேலயே கொட்டிட்டுப் போயிட்டானுங்க."

எங்களுக்கு வந்த தாளில் 'சமதளம்' என்று போட்டிருந்தது. நானும் அதை நம்பினேன். இருபது அடியில் ஐந்தடிதான் வெளியே தெரிகிறது. அப்படியானால் அங்கே விழுந்த மணல் பதினைந்தடி, அதாவது நாலரை மீட்டர். என் மாடலோ அதே இடத்தில் எட்டு மீட்டர் என்கிறது. மிச்சம் மூன்றரை மீட்டர் காலங்காலமாக அங்கேயே இருக்கும் மணல்மேடு. டேப்பும் மேட்டைப் பார்க்கவில்லை, ட்ரோனும் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனதற்குக் காரணம், இரண்டு பேருமே அடியில் தரை தட்டையாக இருப்பதாக வைத்துக்கொண்டதுதான். நான் பிசிறென்று அழித்த ஊசிதான் அந்தக் கம்பம்.

எங்கள் அலுவலக முதலாளியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். வம்பென்றால் மட்டும் காத தூரம் ஓடுவார்.

"ரிப்போர்ட்ல ஒரு வரி சேத்துடும்மா. அடிவிளிம்பை இணைக்கிற தளத்துக்கு மேல அளந்ததுன்னு. நம்ம மேல தப்பு வராது."

"வீட்டுக்குள்ள தண்ணி வந்தா அந்த வரியப் படிச்சுக் காட்டுவீங்களா சார்?" என்று கத்திவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பது யார் என்று தெரியாது. பிறகு அவரே பொறியாளருக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

பொறியாளரின் குரல் சுருங்கிப்போனது. ஆனாலும் பொக்லைனை அனுப்பினார். குவியலின் பக்கவாட்டிலிருந்து கம்பத்தை நோக்கி ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டச் சொன்னேன், குறுக்கே இன்னொன்று. வெட்டிய சுவரில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மேலே முகத்துவாரத்தின் சாம்பல் நிற மணல், நசுங்கிய சிப்பி, சேற்று வாடை. அதற்குக் கீழே பழுப்பு மணல். இரண்டும் சேரும் இடத்தில் கடற்கரை மேடுகளில் படரும் அடப்பங்கொடி, நசுங்கிக் கறுத்து, வேரும் தண்டுமாக. அந்தக் கொடி போன வழியெல்லாம் மட்டம் எடுத்தேன். கிடைத்த புள்ளிகளை வைத்து உண்மையான அடித்தளத்தைப் போட்டு மறுபடி கணக்கிட்டேன். கொண்டுவந்த மணல் பதிமூன்றாயிரம். மேடு ஐயாயிரம். இரண்டையும் தனித்தனி வரியில் எழுதி அனுப்பினேன்.

அன்று எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. நாலாயிரம் குறைகிறது, இன்னும் வாருவார்கள், சின்னம்மாவின் வாசல் வரை மணல் வரும். குப்பத்தில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். கல்யாண வீடியோ கேட்ட பெரியவர்கூட என்னை 'மேடம்' என்றார்.

இரண்டு நாள் கழித்து பொறியாளரின் மேல் அதிகாரி வந்தார். குடை பிடித்துக்கொண்டு குவியலைச் சுற்றி வந்தார். வானம் கறுத்திருந்தது. தூர் வாரும் இயந்திரத்தை இனிமேல் முகத்துவாரத்தில் நிறுத்திவைக்க முடியாது, மழை ஆரம்பித்துவிட்டால் அலை தூக்கிப் போட்டுவிடும் என்றார். அதில் பொய் இல்லை. பிறகு என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"மேட்டுல இருக்கறதும் மணல்தானேம்மா?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை.

"பதிமூணும் அஞ்சும் பதினெட்டு. நமக்கு வேணுங்கறது பதினேழு. எவ்ளோ இருக்குன்னு நீங்களே அழகா பிரிச்சுக் குடுத்திருக்கீங்க. அதையும் சேத்து எடுத்துக்கலாம்."

"சார், கடல் தெக்கால சுத்தி வீடுங்க பின்பக்கம் வராம அந்த மேடுதான் தடுக்குது. அதை எடுத்து முன்னால போடறது, பின்பக்கச் சுவரை இடிச்சு முன்பக்கம் கட்டற மாதிரி சார்."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா. இப்ப வீடுங்க முக்கியம்."

ஊர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தேன். கம்பத்தில் கை வைக்கக்கூடாது என்று பொக்லைனை மறித்தவர்கள் அவர்கள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கம்பத்தைப் பத்திரமாகப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுத் தருவதாக அதிகாரி சொன்னதும், ஊர்த் தலைவர் மெல்லத் தலையாட்டினார். வடக்கே இருப்பவர்களுக்கு மேட்டால் ஆவது ஒன்றுமில்லை என்று எனக்குக் கோபம் பொங்கியது. வாயைத் திறந்தேன். என் கையைப் பிடித்து இழுத்தது சின்னம்மா.

"சும்மா இருடி. மண்ணு வரட்டும். அது எங்கேர்ந்து வந்தா இன்னா?"

"சின்னம்மா, மேடு போயிடுச்சுன்னா..."

"மேடு தெக்கால கீது. கடலு என் வாசல்ல கீது. ராவெல்லாம் படியில மோதுற சத்தம் உனக்குக் கேக்குதா?"

எனக்குக் கேட்காதுதான். என் வீடு உழவர்கரையில் இரண்டாவது மாடி.

மேட்டை வாரிப் பரப்பினார்கள். வடக்கிலிருந்து ஆரம்பித்துச் சின்னம்மாவின் வாசலைத் தாண்டியும் மணல் வந்தது. கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது. வேலை முடிந்ததும் கடைசியாக ஒருமுறை பறக்கவிட்டு மாடல் எடுத்தேன். குவியல் இருந்த இடம் இந்த முறை உண்மையாகவே சமதளம். கம்பத்தைப் புது மணலில், சின்னம்மா வீட்டுக்கு எதிரே நட்டிருந்தார்கள். மேடு இல்லாததால் துணி முன்னைப் போல உயரத்தில் பறக்கவில்லை. படகிலிருந்து பார்த்தால் ஓட்டுக் கூரைகளோடு கலந்துவிடுகிறது என்று சித்தப்பா முணுமுணுத்தார். சின்னம்மா என்னைத் தெருவில் நிறுத்திப் போவோர் வருவோரிடமெல்லாம், "இவ அளந்து குடுத்துதான் மண்ணு வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சிரித்துவைத்தேன். என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் சின்னம்மா போன் செய்தாள். பின்னால் காற்றின் இரைச்சல்.

"மண்ணு நிக்குதுடி. கடலு வாசல்கிட்ட வரவே இல்ல. உன் கணக்கு கணக்குதான்."

"அப்பாடா" என்றேன்.

"பின்பக்கமாதான் வந்துடுச்சு. மேடு இருந்துச்சே, அந்த வழியா. அடுப்படியில முழங்கா தண்ணி. அரிசிய மேல ஏத்திட்டோம்." அவள் குரலில் என் மேல் துளிக் குறைகூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வந்துட்டே இருக்கேன் சின்னம்மா" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன். அரியாங்குப்பம் பாலம் வரை அந்த ஐயாயிரம் என்ற எண் என் கையெழுத்திலேயே கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது.