மனுவில் அடிக்கப்பட்ட பெயர்

பேருந்து நிலையத்தின் பின்வாசலில் சூப்புக்காரம்மா என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். பதினோரு வருடமாக அதே தள்ளுவண்டி: காய்கறி சூப், அவித்த சோளம், நறுக்கிய பழம். வீட்டுக்காரர் தையல்காரர். தையல் மெஷினை விட்டு எழுந்தால் முதுகு மட்டுமே எழும், மனசு அங்கேயே இருக்கும் என்று அவள் சொல்வாள். அவருடைய தங்கை நாலு வருடத்துக்கு முன் புருஷனை விட்டுப் பிறந்த வீடு திரும்பியவள். வந்த மறுநாளே அண்ணியின் வண்டிக்கு வந்து கத்தியைக் கையில் எடுத்தாள். அதிலிருந்து அடுப்பு அண்ணிக்கு. நறுக்குவது, கழுவுவது, அடுக்குவது எல்லாம் நாத்தனாருக்கு.

வருடத்துக்கு ஒருமுறை ஐந்து நாள் விழாச் சந்தை நடக்கும். போன வருடம் இரண்டாம் நாளே யாரோ ஒருவரின் ஜூஸ் கடையில் குடித்த குழந்தைகள் வாந்தியெடுக்க, நகராட்சி எல்லா உணவுக்கடைகளையும் மூடிவிட்டது. சூப்புக்காரம்மா இரண்டு அண்டா சூப்பைத் தன் கையாலேயே குழியில் கொட்டினாள். இந்த வருடம் எட்டுக் கடைக்குத்தான் இடம். அனுமதி கேட்டு மனுக் கொடுப்பவர்கள் சுகாதார ஏற்பாடுகளையும் எழுதி, உணவைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் மருத்துவச் சான்று இணைத்து, வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

புதன்கிழமை நகராட்சி அலுவலக வாசலில் மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அலுவலக எழுத்தர் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"‘எல்லா சுகாதார ஏற்பாடுகளும் செய்யப்படும்’னு எழுதியிருக்கு. என்ன ஏற்பாடு? தண்ணி எங்கேருந்து வருது, எதுல வைக்கிறீங்க, கை எங்க கழுவறீங்க, குப்பை எங்க போகுது? அதத்தான் இன்ஸ்பெக்டர் கேப்பாரு."

அன்று சாயங்காலம் அடுக்களையில் உட்கார்ந்து அவளே எழுதினாள். நாத்தனார் ஒவ்வொரு வேலையாகச் சொல்லச் சொல்ல, அவள் அதை மனு நடைக்கு மாற்றி எழுதினாள். நகராட்சிக் குழாய்த் தண்ணீர், மூடிபோட்ட குழாய் வைத்த இரண்டு டிரம்மில். ஒன்று சமையலுக்கு, ஒன்று கை கழுவ, சோப்போடு. சூப் கடை மூடும்வரை அடுப்பிலேயே கொதிநிலையில் இருக்கும். மீந்தது மறுநாள் விற்கப்படாது. மூடியுள்ள இரண்டு குப்பைத்தொட்டி, மட்குவது வேறு, மட்காதது வேறு. கழுவின நீர் சாக்கடைக்குப் போகாமல் வாளியில் பிடித்து அப்புறப்படுத்தப்படும். தலைக்குத் துணி, ஏப்ரன். அடுப்பருகே மணல் வாளி. உணவைக் கையாள்வோர் இருவர்: இரண்டு பெயர்கள்.

"அண்ணி, நம்ம ரெண்டு பேர் பேரும் ஆபீஸ் காகிதத்துல ஒண்ணா வரப்போகுது," என்றாள் நாத்தனார்.

வெள்ளிக்கிழமை காலை நகராட்சி மருந்தகம். டாக்டரம்மா அண்ணியின் நகம், தொண்டை, தோல், தடுப்பூசி அட்டை எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்து நாத்தனார் கை நீட்டினாள். இடதுகை நடுவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது.

"கத்தி பட்டுடுச்சு, டாக்டர். அஞ்சு நாளாச்சு, சின்னதுதான்."

டாக்டரம்மா துணியை அவிழ்த்தார். நகத்தோரம் வீங்கி மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது. சூப்புக்காரம்மா குனிந்து பார்த்தாள். ஐந்து நாளாக அந்த விரல் தன் பக்கத்தில்தான் நறுக்கிக்கொண்டிருந்தது, துணிக்குள் என்ன என்று அவள் பார்க்கவில்லை.

"நகச்சுத்தி. சீழ் இருக்கிற கை சாப்பாட்டைத் தொடக்கூடாது. மருந்து தர்றேன். நல்லா காஞ்சதும் வாங்க, அப்ப சான்று தர்றேன்."

வெளியே வந்ததும் நாத்தனார் சுவரைப் பார்த்தபடி பேசினாள். "கையுறை போட்டுக்கறேன், அண்ணி. யாருக்குத் தெரியும்? போன வருஷ சான்று இருக்கு, தேதிய மட்டும்…"

"ஏன் எங்கிட்ட மறைச்ச?"

"வேலைக்கு ஆகலைன்னா உங்க வீட்டுல சும்மா சோறு திங்கிறவளா ஆயிடுவேனேன்னு பயந்தேன்."

அண்ணி திட்டத்தான் வாயெடுத்தாள். "உங்க அண்ணன் வீடு உன் வீடு. ஆனா அந்தக் கை என் பானைக்குள்ள வராது," என்றாள்.

நாலரை மணிக்கு அலுவலகத்தில் மனுவில் ஒரு பெயரை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். எழுத்தர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"அடிச்சுத் திருத்தின மனு வேண்டாம்மா. புதுசா எழுதிட்டு வாங்க. அஞ்சு மணிக்கு ஜன்னல் மூடிடும்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் பழைய மனுவைப் பிடித்து வரி வரியாகச் சொன்னாள், அண்ணி எழுதினாள். கையாள்வோர் என்ற இடம் வந்ததும் நாத்தனாரின் குரல் நின்றது. அண்ணி நிமிரவில்லை. ஒரே பெயரை எழுதினாள். தனியாள் சமாளிக்க முடியாத சோளத்தையும் பழத்தையும் விட்டாள். சூப் மட்டும், காகிதக் கப்பில். டோக்கன் மேசை ஆறடி தள்ளி; அங்கே உட்காருபவர் உணவைத் தொடமாட்டார். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது எழுத்தர் முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்.

திங்கட்கிழமை சுகாதார ஆய்வாளர் கூப்பிட்டார். மெலிந்த மனிதர், பேச்சும் சுருக்கம்.

"டோக்கன் போடறது யாரு?"

"என் நாத்தனார், சார்."

"வண்டியில அவங்கதான நறுக்குவாங்க? ஏன் சான்று இல்ல?"

அவள் மென்று முழுங்கவில்லை. "கையில நகச்சுத்தி, சார். டாக்டர் தரமாட்டேன்னுட்டாங்க."

அவர் பேனாவை வைத்தார். "கூட்டம் வந்தா உள்ள கூப்பிட்டுக்குவீங்க. எல்லாரும் அதத்தான் செய்றாங்க."

"கூப்பிட மாட்டேன்."

"பார்த்தா அந்த நிமிஷமே கடைய மூடுவேன். அடுத்த வருஷமும் கிடையாது."

இரண்டு நாள் கழித்து அனுமதி வந்தது. சூப் மட்டும், நாத்தனார் சான்று தரும்வரை கடைக்குள் வரக்கூடாது என்று கீழே தனியாக எழுதியிருந்தது.

சந்தையின் முதல் நாள் சாயங்காலமே வரிசை திடலின் பாதிவரை போனது. ஒருத்தியே ஊற்றி, கலக்கி, கப்பெடுத்து, கை கழுவி. "ஏம்மா, எவ்வளவு நேரம்?" என்று ஒருவர் கத்தினார். இரண்டு பேர் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது. நாத்தனார் மேசையை விட்டு எழுந்தாள். கடைக்குள் ஒரு கால் வைத்தாள். ஆய்வாளர் எங்கும் கண்ணில் படவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் பசியோடு இருந்தார்கள்.

அண்ணி அவளைப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் போனாள். பிறகு என்ன தோன்றியதோ, வரிசையில் நின்றவர்களிடம் போய், "எங்க அண்ணி ஒத்த ஆளு. சூடா வேணும்னா நிக்கணும். ஆறிப்போனது வேற கடையில நிறைய கிடைக்கும்," என்றாள். சிலர் சிரித்தார்கள். கத்தினவரும் நின்றார்.

ஆய்வாளர் மறுநாள்தான் வந்தார். சூப்புக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். டிரம் தண்ணீரை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டார், தண்ணீர் இளமஞ்சளானது. குளோரின் இருக்கிறது. குப்பைத்தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார். டோக்கன் மேசையில் கட்டுப்போட்ட விரலோடு இருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பதிவேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். அந்தக் கடையை மூடிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

நாலாம் நாள் காலை நாத்தனார் மருந்தகத்திலிருந்து சான்றோடு வந்தாள். வீக்கம் வற்றி, தோல் உரிந்து, விரல் குழந்தை விரல்போல் சிவந்திருந்தது. அண்ணி சான்றை அலுவலகத்தில் காட்டி நகலைக் கொடுத்துவிட்டு வரும்வரை அவள் கடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியிலேயே நின்றாள். பிறகு முழங்கைவரை சோப்புப் போட்டு, நகம் நகமாகக் கழுவினாள்.

"போதும், தோலு உரியப்போவுது," என்றாள் அண்ணி. "வந்து கப்பை எடு."